ஒரே குறிப்பில் மூன்று ‘கிரீன்’: கயிற்று மிதியடி விவரத்தைத் தமிழாக்குவதில் ஒரு சிக்கல்

நாகர்கோவில்_பெயர்ப்பு | 3 ஜூன் 2025, காலை 10.15

இணையக் கடைக்கான கயிற்று மிதியடிக் குறிப்பு. மூலம் இது:

```
msgid "Our green mats are woven from green husk fibre. Colours: Forest Green, Teal, Sea Blue."
```

முதலில் தமிழாக்கியவர் எல்லா இடத்திலும் ‘பச்சை’ போட்டு வைத்திருக்கிறார். “எங்கள் பச்சை மிதியடிகள் பச்சை மட்டை நாரால் நெய்யப்பட்டவை. நிறங்கள்: வனப் பச்சை, பச்சை நீலம், கடல் நீலம்.” படிக்கிறவருக்கு எல்லா மிதியடியும் பச்சை நிறம் என்றே படும். அப்புறம் கடல் நீலம் எங்கிருந்து வந்தது?

என் கணிப்பில் முதல் கிரீன் நிறமில்லை, இரண்டாவதும் நிறமில்லை, மூன்றாவது மட்டுமே நிறம். இரண்டாவதைப் பற்றிக் கயிற்றுத் தொழிலில் இருப்பவர்கள் சொல்ல வேண்டும். டீல் என்ற நிறத்தைப் பச்சையில் சேர்ப்பதா நீலத்தில் சேர்ப்பதா என்பதும் தெரிய வேண்டும். கடையில் நிறம் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் அது ஏதாவது ஒரு தலைப்பின் கீழ்தான் வரும்.

தக்கலை_தமிழாசிரியர் | 3 ஜூன் 2025, காலை 11.40

இதில் குழப்பமே வேண்டாம். நிறம் என்றால் பச்சை, இயற்கையைக் காக்கும் பொருள் என்றால் பசுமை. ‘பசுமை மிதியடிகள்’ என்று போட்டால் முதல் கிரீன் தீர்ந்தது. இரண்டாவது மட்டையின் நிறம், அது பச்சையேதான். டீல் எந்தப் பெட்டியில் விழுந்தாலும் பாதகமில்லை, தமிழர் பச்சையையும் நீலத்தையும் பிரித்துப் பார்த்ததே இல்லை.

கதம்பை | 3 ஜூன் 2025, மதியம் 1.05

சார், ரெண்டாவது நிறமில்ல. இங்க ராஜாக்கமங்கலம் பக்கம் நாங்க உரிச்ச தேங்காத் தோலைப் பச்சைக் கதம்பை, காஞ்ச கதம்பைன்னு ரெண்டாப் பிரிக்குதோம். பறிச்சு உரிச்சதும் ஈரம் காயறதுக்கு முன்னால தண்ணியில போடுதது பச்சை. நெத்துக் காயில இருந்து உரிச்சு வெயில்ல கிடந்தது காஞ்சது. பச்சைக் கதம்பைய காயல் தண்ணியில 6 மாசத்துல இருந்து 10 மாசம் வரை அழுகப் போட்டு அடிச்சு எடுத்தா நார் பொன் நிறத்துல வரும், மிருதுவா இருக்கும், திரிக்கலாம். காஞ்சதுல எடுக்கற நார் தவிட்டு நிறம், முரடு. அழுகப் போடாம பச்சையிலேயே மிஷின்ல அடிச்சு எடுக்கறதும் உண்டு, ஆனா அந்த நார் தண்ணியில கிடந்த நார் அளவுக்குத் தெளிவா இருக்காது.

ஆக, ‘பச்சை மட்டை நார்’னு எழுதினா நார் பச்சையா இருக்கும்னு ஆள் நினைப்பாங்க. நாரு ஒருநாளும் பச்சையா இருக்காது. பச்சை மேல்தோலோட போயிரும்.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல மட்டைன்னா தென்னை மட்டை, ஓலையோட தண்டு. உரிச்ச தோலுக்குக் கதம்பை, இல்ல தொண்டுன்னு சொல்லுவோம். பொள்ளாச்சிப் பக்கம் போனா அதுக்கே மட்டைன்னு பேரு. ‘பச்சை மட்டை நார்’னு எழுதினா இங்க உள்ளவங்க ஓலைத் தண்டுல எடுத்த நாருன்னு புரிஞ்சுக்கிடுவாங்க.

நாகர்கோவில்_பெயர்ப்பு | 3 ஜூன் 2025, மதியம் 2.20

அக்கா, இதைத்தான் தேடினேன். ஆங்கிலத்திலும் அந்த இடத்தில் கிரீன் என்றால் காயாதது, புதிதாக வந்தது என்றே பொருள். வெட்டிய ஈர மரத்துக்கும் வறுக்காத காபிக்கொட்டைக்கும் அதே சொல்லைத்தான் வைக்கிறார்கள். நம் ‘பச்சை’யும் அந்த வழியில் வெகுதூரம் போகும். வேகவைக்காமல் குத்திய வெள்ளை அரிசி பச்சரிசி, காய்ச்சாதது பச்சைத் தண்ணீர், ஆறாதது பச்சைப்புண், பிறந்து சில நாளான பிள்ளை பச்சைப்பிள்ளை. இவற்றில் எதுவும் நிறத்தால் பச்சை இல்லை. பச்சைக் கற்பூரமும் வெள்ளைதான்.

அதனால் இரண்டாவதற்குப் ‘பச்சை’ பொருளால் சரி, இடத்தால் தவறு. முன்னும் பின்னும் நிறப் பேச்சு நடக்கும்போது வாசகர் இதையும் நிறமாகத்தான் எடுத்துக்கொள்வார். ‘காயவிடாத தேங்காய் மட்டையில் எடுத்த நார்’ என்று பிரித்து எழுதினால் மாநிலம் முழுக்கப் புரியும். ‘தேங்காய்’ முன்னால் நின்றால் ஓலைத் தண்டு என்ற குழப்பமும் வராது.

ஏத்தங்காய் | 3 ஜூன் 2025, மாலை 4.50

எங்க சிப்ஸ் பாக்கெட்டுக்கும் இதே பிரச்சினையாக்கும். இங்கிலீஷ்ல ‘கிரீன் பனானா சிப்ஸ்’னு இருக்கு, அச்சுக்குப் போகும்போது ‘பச்சை வாழைப்பழ சிப்ஸ்’னு மாத்திட்டாங்க. மூடியில பச்சை வட்டமும் வருது. அதையும் மாத்தணுமா?

நாகர்கோவில்_பெயர்ப்பு | 3 ஜூன் 2025, மாலை 5.10

அண்ணே, நாம் மிதியடியில் நிற்கிறோம். ஆனாலும் உங்கள் பாக்கெட்டில் இரண்டு தவறு உண்டு. பச்சைப்பழம் என்பது நம் கடைகளில் தோல் பச்சையாகவே இருந்து பழுக்கும் தனி ரகம், அதில் சிப்ஸ் போட மாட்டீர்கள். காயில் போடுகிறீர்கள் என்பதால் ‘பச்சை’யே தேவையில்லை. தமிழில் காய் என்ற சொல்லே பழுக்காததைச் சொல்லிவிடும். ‘ஏத்தங்காய் சிப்ஸ்’, வெளியூருக்கு ‘நேந்திரங்காய் சிப்ஸ்’ என்று போடுங்கள். ‘பச்சைக் காய்’ என்று வைத்தால் எண்ணெயில் போடாத காய் என்று தோன்றும். பச்சை வட்டம் வேறு கதை, அது சைவ உணவுக்கான கட்டாயக் குறி. அதைத் தொடாதீர்கள்.

தக்கலை_தமிழாசிரியர் | 4 ஜூன் 2025, காலை 7.30

கதம்பை அம்மா சொன்னதை ஏற்கிறேன். மட்டை விஷயத்தில் நான் தொழில் தெரியாமல் பேசிவிட்டேன். ‘பசுமை மிதியடிகள்’ மட்டும் நிற்கட்டும்.

நாகர்கோவில்_பெயர்ப்பு | 4 ஜூன் 2025, காலை 9.05

அதிலும் எனக்குத் தயக்கம் உண்டு சார். பசுமை என்ற சொல் தமிழில் செழிப்பைச் சொல்லும். பசுமையான வயல், பசுமையான நினைவு என்றெல்லாம் சொல்கிறோம். பசுமைப் புரட்சி, பசுமைத் தாயகம் போன்ற சொற்கள் வந்த பிறகு சூழலியல் பொருளும் ஏறியிருக்கிறது. ஆனால் ஒரு மிதியடிக்கு முன்னால் வந்தால் எது? பாதிப் பேர் நிறமாகவே படிப்பார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் சட்டம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, ‘பசுமை’, ‘சூழலுக்கு உகந்தது’ போன்ற பொதுச்சொல்லை மட்டும் வைத்து விளம்பரம் செய்யக் கூடாது. எந்த வகையில் என்பதையும் சேர்த்துச் சொல்லி, அதற்கு ஆதாரமும் வைத்திருக்க வேண்டும். தமிழில் போட்டாலும் அது வாங்குபவருக்குச் சொல்லும் உறுதிதான். ஆகவே முதல் கிரீனுக்கு மொழிபெயர்ப்பு தேடுவதற்குப் பதில், ‘இதை எதனால் கிரீன் என்கிறீர்கள்?’ என்று தயாரிப்பாளரிடம் கேட்டு, வரும் பதிலைத் தமிழில் எழுதுவதே சரி. பதில் வரவில்லை என்றால் அந்தச் சொல்லை விட்டுவிட வேண்டும்.

கதம்பை | 4 ஜூன் 2025, காலை 9.50

கேக்க வேண்டிய முதல் கேள்வி அடிப்பக்கம் என்னங்கறது. சந்தையில நிறைய மிதியடி தறியில நெய்ததே இல்ல. நாரைத் துண்டா வெட்டி பிவிசி மாவுல நட்டு, சூட்டுல இறுக வச்சது. மேல பார்த்தா ஒண்ணு போலத்தான் இருக்கும். திருப்பிப் பாருங்க, அடியில வழுவழுன்னு ஒரே பிளாஸ்டிக் தகடா இருந்தா அது நெய்தது இல்ல. நெய்ததா இருந்தா பாவுக் கயிறு அடியிலயும் வரிவரியாத் தெரியும். மூலத்துல ‘நெய்த’ன்னு இருக்கு, சரக்கு பிவிசியா இருந்தா முதல் வரியே பொய்யாயிரும். கிரீனும் போச்சு.

சாயத்தொட்டி | 4 ஜூன் 2025, இரவு 8.30

டீல், சீ ப்ளூ ரெண்டையும் சாயக்காரன் கண்ணால பாருங்க. கதம்பை சொன்ன மாதிரி நாரோட சொந்த நிறம் மஞ்சள் கலந்த பழுப்பு. அது மேல நீலச் சாயம் ஏத்தினா மஞ்சளும் நீலமும் சேர்ந்து கண்ணுக்குப் பச்சையா விழும். உண்மையான நீலம் வேணும்னா முதல்ல நாரை வெளுக்கணும். ஹைட்ரஜன் பெராக்சைடு வெந்நீர்த் தொட்டியில சோடியம் சிலிகேட் சேர்த்து வெளுப்போம். சிலிகேட் போடலேன்னா பெராக்சைடு நாருக்குள்ள வேலை செய்யறதுக்கு முன்னாடியே சிதைஞ்சு போயிரும், வெளுப்பு திட்டுத்திட்டா நிக்கும்.

வெளுப்புச் செலவை மிச்சம் பிடிச்ச சரக்குல ‘சீ ப்ளூ’ன்னு சீட்டு ஒட்டியிருக்கும், வீட்டுல விரிச்சா பச்சை. வாங்கினவங்க ‘நீலம் கேட்டேன், பச்சை வந்துது’ன்னு திருப்பி அனுப்புவாங்க. அது மொழிபெயர்ப்போட குத்தமில்ல.

இன்னொண்ணு. நாருல லிக்னின்ங்கற மரச்சத்து அதிகம், பேசிக் வகைச் சாயம் அதுல சட்டுன்னு பிடிக்கும், பளிச்சுன்னும் இருக்கும். ஆனா வெயில் தாங்காது. வாசல்ல போட்டா நீலம் மங்கும், லிக்னின் வெயில்ல மேலும் மஞ்சளாகும், மிதியடி மெல்லப் பச்சைப் பக்கம் போகும். வாசலுக்குன்னு விக்கறதுக்கு என்ன சாயம்னு கேட்டுட்டு நிறப்பேர் வைங்க.

நாகர்கோவில்_பெயர்ப்பு | 4 ஜூன் 2025, இரவு 9.15

அப்படியானால் ஆங்கிலப் பேரைப் பார்த்து மொழிபெயர்ப்பதே தவறு. சரக்கின் துண்டை வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில், வெள்ளைத்தாள் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பேர் வைக்க வேண்டும். வீட்டு மஞ்சள் விளக்கில் பார்த்தால் நீலம் இன்னும் பச்சையாகத் தெரியும்.

தொகுப்பில் டீலுக்கு `#008080` என்று இருக்கிறது. பச்சையும் நீலமும் அதில் சமம், சிவப்பு சுழி. எண்ணைப் பார்த்தும் எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய முடியாது.

போன்_ஆர்டர்_குளச்சல் | 5 ஜூன் 2025, காலை 10.00

போனில் ஆர்டர் எடுக்கும் இடத்தில் இருந்து சொல்கிறேன். துணிக்கடைக்குப் பழகினவர்கள் டீலை ‘ராமர் பச்சை’ என்றுதான் கேட்கிறார்கள். சிலர் ‘மயில் கழுத்து’ என்கிறார்கள். அதையே போட்டால் எல்லாருக்கும் புரியாதா?

கதம்பை | 5 ஜூன் 2025, காலை 10.25

பிள்ளே, மிதியடிக்கு ராமர் பேரா? சேலைக்கு அந்தப் பேரு சரி, காலைத் துடைக்கிற சாமானுக்கு அதைப் போடவே கூடாது. யாராவது ஒரு படம் பிடிச்சுப் போட்டா கடை தாங்காது. சாமி பேரு ஒட்டின எந்த நிறப்பேரும் தரையில கிடக்கற சாமானுக்கு வேண்டாம்.

சாயத்தொட்டி | 5 ஜூன் 2025, காலை 11.10

மயில் கழுத்தும் ஒத்து வராது. அது ஒரு நிறமே இல்ல. பட்டுல பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், நீலமும் பச்சையும். திருப்பினா நீலம், சாய்ச்சா பச்சைன்னு மின்னும். ஒரே தொட்டியில முக்கின நாருக்கு அந்தப் பேரு வச்சா வாங்கறவங்க ரெண்டு நிற மினுக்கை எதிர்பார்ப்பாங்க. பட்டறையில நாங்க ‘மயில்துத்தம்’னு ஒண்ணு சொல்லுவோம், அது டீலை விட வெளுத்த நீலம், அதுவும் பொருந்தாது.

தக்கலை_தமிழாசிரியர் | 5 ஜூன் 2025, பிற்பகல் 3.00

பச்சையும் நீலமும் தமிழில் ஒன்று என்று நான் சொன்னதற்குச் சான்று தருகிறேன். திருமாலைக் கார்மேக வண்ணன் என்போம், நீலமேனி என்போம், ஆழ்வார் ‘பச்சைமா மலைபோல் மேனி’ என்கிறார். திருச்செந்தூர் திருவிழாவில் சண்முகருக்குச் சிவப்பு சாத்தி சிவன், வெள்ளை சாத்தி பிரமன், பச்சை சாத்தி திருமால். நீல நிறத் தெய்வத்துக்கு ஏன் பச்சை? இரண்டும் ஒன்றாகவே பார்க்கப்பட்டதால்தானே.

நாகர்கோவில்_பெயர்ப்பு | 5 ஜூன் 2025, மாலை 6.20

சான்றுகள் உண்மை சார், முடிவுதான் எனக்குத் தூரமாகப் படுகிறது. ஒரே மேனியைக் கார் என்றும் நீலம் என்றும் பச்சை என்றும் சொல்வது, இருண்டு குளிர்ந்த நிறங்களைத் தெய்வத்துக்கு ஒரு குடும்பமாக வைத்த மரபைக் காட்டுகிறது. ஆனால் அதே மரபில் கிளியை யாரும் நீலம் என்று பாடவில்லை, குவளைப் பூவைப் பச்சை என்று சொல்லவில்லை. மேனிக்கு மூன்று சொல் பொருந்தியது, பொருளுக்குப் பொருந்தவில்லை. கடையில் விற்பது பொருள்.

அந்த மரபில் இருந்து நமக்கு உதவுவது வேறொன்று, தமிழ்ச் சொல்லடுக்கு. கருநீலம் என்றால் அது நீலம்தான், கருமை கலந்த நீலம். கடைசியில் நிற்பதுதான் நிறம், முன்னால் நிற்பது சாயல். அப்படியானால் நீலப்பச்சை என்பது நீலம் பாய்ந்த பச்சை. பச்சைநீலம் என்பது பச்சை பாய்ந்த நீலம். பழைய மொழிபெயர்ப்பில் ‘பச்சை நீலம்’ என்று பிரித்து எழுதியதால் இரண்டு நிறம் போலப் படுகிறது, நடுவே காற்புள்ளி விட்டுப்போன மாதிரி. சேர்த்து எழுதினால் ஒரே நிறம். துண்டைப் பார்த்து எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைக் கடைசியில் வைப்பேன்.

தக்கலை_தமிழாசிரியர் | 5 ஜூன் 2025, மாலை 7.00

அடுக்கு முறை சரி. தெய்வ வண்ணம் பற்றி நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அதைத் தனி இழையில் பேசுவோம்.

போன்_ஆர்டர்_குளச்சல் | 6 ஜூன் 2025, காலை 9.30

கடல் நீலத்தில் ஒரு கஷ்டம் இருக்கிறது. வயதானவர்கள் பலர் நீலத்தை ‘ஊதா’ என்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஊதா என்றால் கத்தரிப்பூ நிறம். ‘ஊதா மிதியடி அனுப்புங்க’ என்றால் எதை அனுப்ப?

நாகர்கோவில்_பெயர்ப்பு | 6 ஜூன் 2025, காலை 10.40

காட்டும் பேரில் ஊதா வேண்டாம், தேடுசொல் பகுதியில் கட்டாயம் வேண்டும். தேடுகிறவர் ஊதா என்று தட்டினாலும் கடல் நீலம் வர வேண்டும். போனில் கேட்டால் ‘வானத்து நிறமா, கத்தரிக்காய் நிறமா?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பொருளை வைத்துக் கேட்டால் வயது வித்தியாசம் வராது.

நீலத்தில் இன்னொரு பள்ளம் உண்டு. இதே தொகுப்பில் வேறொரு குறிப்பில், ‘நாரில் லேசான நீலச் சாயல்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘நீலம் பாரித்த நார்’ என்று இருந்தது. நீலம் பாரிப்பது விஷம் ஏறிய உடம்பு. செய்தித்தாளில் அந்தத் தொடர் எங்கே வரும் என்று எல்லாருக்கும் தெரியும். ‘நீலச் சாயல்’ அல்லது ‘நீலம் பாய்ந்த’ போதும். பச்சையிலும் ஒன்று: அழுத்தம் கொடுக்க ‘பச்சை பச்சையாக’ என்று இரட்டிக்காதீர்கள், அது கெட்ட வார்த்தை பேசுவதைக் குறிக்கும். ‘பச்சைப்பசேல்’ என்பது வயலுக்கு, மிதியடிக்கு அல்ல.

சாயத்தொட்டி | 6 ஜூன் 2025, மதியம் 12.15

ஃபாரஸ்ட் கிரீனுக்கு ‘வனப் பச்சை’ வேண்டாம். துணியிலயும் நாருலயும் யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்க. அடர்பச்சைன்னா உடனே புரியும். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை எல்லாம் பட்டறையில தனித்தனி நிறம், அதுகளோட இதைக் கலந்துடாதீங்க.

நாகர்கோவில்_பெயர்ப்பு | 9 ஜூன் 2025, மாலை 5.30

தயாரிப்பாளரிடம் இருந்து பதில் வந்துவிட்டது. தறியில் நெய்தது, அடியில் எதுவும் ஒட்டவில்லை, மட்டை காயவிடாதது. நீலம் வெளுத்த நாரில் சாயம் ஏற்றியது, டீல் வெளுக்காத நாரில். துண்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்ததில் டீல் தெளிவாகப் பச்சைப் பக்கம் சாய்கிறது. கோப்பு இப்படி முடிகிறது:

```
msgctxt "product description"
msgid "Our green mats are woven from green husk fibre. Colours: Forest Green, Teal, Sea Blue."
msgstr "காயவிடாத தேங்காய் மட்டையில் எடுத்த நாரால் தறியில் நெய்த மிதியடி. அடியில் பிளாஸ்டிக் இல்லை. நிறங்கள்: அடர்பச்சை, நீலப்பச்சை, கடல் நீலம்."

msgctxt "colour filter"
msgid "Green"
msgstr "பச்சை"
```

இரண்டாவது பதிவில் `msgctxt` வரி முக்கியம். அது இல்லாவிட்டால் கோப்பில் `Green` என்று எங்கே வந்தாலும் ஒரே பதிவாகிவிடும், நிறப் பட்டியலுக்குப் போட்ட ‘பச்சை’ சூழலுக்கு உகந்தது என்று சொல்லும் முத்திரையிலும் போய் உட்காரும். முதல் தமிழாக்கத்தில் மூன்று பச்சை விழுந்ததற்கும் முன்பே சேமித்த ஒரு ‘பச்சை’யை எல்லா இடத்திலும் எடுத்து ஒட்டியதே காரணம் என்று நினைக்கிறேன்.

கதம்பை | 9 ஜூன் 2025, மாலை 6.05

‘காயவிடாத’ நல்லா இருக்கு. நம்ம ஊர்க் கடைக்குத் தனியா அச்சடிச்சா ‘பச்சைக் கதம்பை நார்’னு போடுங்க, நிறப்பேர் பக்கத்துல வராம மேல தலைப்புல. இங்க உள்ளவங்க அதைத் தரம்னு எடுத்துக்கிடுவாங்க.

சாயத்தொட்டி | 9 ஜூன் 2025, இரவு 9.00

டீலைப் பச்சைப் பட்டியல்ல வைக்கறது இந்த லாட்டுக்குச் சரி. அடுத்த லாட்டை வெளுத்த நாருல போட்டா நீலத்துக்குச் சாயும், அப்ப என்ன செய்வீங்க?

நாகர்கோவில்_பெயர்ப்பு | 9 ஜூன் 2025, இரவு 9.20

இப்போதைக்கு இரண்டு பட்டியலிலும் காட்டச் சொல்லியிருக்கிறேன், பேர் நீலப்பச்சையாகவே இருக்கும். லாட் மாறினால் படமும் பேரும் சேர்ந்து மாற வேண்டும், அதைக் கடைக்காரர் ஏற்பாரா என்று இன்னும் பதில் வரவில்லை.